ஆயா பக்கத்தில் தாத்தா

அப்பா அம்மாவின் 25ஆம் கல்யாண நாள் படத்தில், இறந்துபோன தாத்தாவையும் சேர்த்து ஃப்ரேம் போட்டு கூடத்தில் மாட்டிவிட்டார் சித்தப்பா. தாத்தா காலமானது 2021இல். படம் எடுத்தது 2024 ஆவணியில், காட்பாடியில் எங்கள் வீட்டு வாசலில். காலையில் வேலூர் கோட்டைக்குப் போய் ஜலகண்டேஸ்வரருக்கு அர்ச்சனை முடித்துவிட்டு வந்து, பட்டுப் புடவை கசங்குவதற்குள் எடுத்த படம் அது. அப்பாவும் அம்மாவும் நடுவில் நிற்கிறார்கள், நாங்கள் பிள்ளைகள் இரண்டு பக்கமும். முன்வரிசையில் ஆயா மட்டும் மர நாற்காலியில். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தைப் பார்த்துத்தான் சித்தப்பாவுக்கு இந்த எண்ணமே வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் ஒரு கடையில் கொடுத்து, 20க்கு 30 இஞ்ச் அளவில் பிரிண்ட், ஃப்ரேம், எடிட்டிங் எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தார். அப்போது ஆயா ஆரணியில் அத்தை வீட்டில் இருந்தார். திரும்பி வந்ததும் பார்த்து சந்தோஷப்படட்டும் என்று யாரும் வாய் திறக்கவில்லை.

நான் வேலூரில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் வேலையில் இருக்கிறேன். இறந்தவர்களைப் படத்தில் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்டு வருகிறவர்கள் எங்களிடமும் உண்டு. அதனால் என்ன நடந்தது, கடையில் எங்கே பிசகினார்கள், அதை எப்படிச் சரிசெய்ய வேண்டியிருந்தது என்று எழுதுகிறேன். இது என் சொந்த ஆயா, சொந்தத் தாத்தா என்பதால் வேலை கை நடுங்கித்தான் ஓடியது. இதே யோசனையில் இருப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன் படித்துக்கொள்ளட்டும்.

ஆயா பையைக் கீழே வைத்தார். சுவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். "இன்னாடி இது, இவரு எப்ப வந்து உக்காந்தாரு?" என்றார். சித்தப்பா முகமெல்லாம் சிரிப்பாக, "எப்டிமா கீது?" என்று கேட்டார். ஆயா பதில் சொல்லவில்லை. விரலைக் கண்ணாடி மேல் வைத்து, தாத்தா கன்னத்திலிருந்து தோள், தோளிலிருந்து கை என்று மெதுவாக இறக்கிக்கொண்டே வந்தார். கை வந்ததும் நின்றுவிட்டார். "நல்லாதான் கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பயணக் களைப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ராத்திரி நான் பால் கொண்டு போனபோது கேட்டார். "மூஞ்சி அவரு மூஞ்சிதான். ஆனா அவரு இல்ல. நீ இந்த வேலதானே பாக்கற, சொல்லு. அது யாரு ஒடம்பு? யாரு கை? மச்சம் எப்டி அந்தப் பக்கம் போச்சி?"

மறுநாள் எல்லோரும் வெளியே போன பிறகு படத்தை இறக்கி மேசை மேல் வைத்துப் பார்த்தேன். ஆயா கேட்ட மூன்று கேள்வியுமே சரி.

முதலில் மச்சம். தாத்தாவுக்கு இடது கன்னத்தில், மூக்கு ஓரமாக மிளகு அளவில் ஒரு மச்சம். படத்தில் அது வலது கன்னத்தில் இருந்தது. வகிடும் மாறியிருந்தது. கடைக்காரர் ஃபோட்டோஷாப்பில் முகத்தை Flip Horizontal கொடுத்து இடம் வலமாகத் திருப்பிவிட்டிருக்கிறார். ஏன் திருப்பினார் என்பதும் தெளிவாகத் தெரிந்தது. வாசல் படத்தில் வெளிச்சம் நமக்கு இடப்பக்கமிருந்து வருகிறது. சித்தப்பா ஃபோனிலிருந்து அனுப்பிய தாத்தா படத்தில் வெளிச்சம் வலப்பக்கமிருந்து. அப்படியே ஒட்டினால் மற்றவர்களுக்கு மூக்கு நிழல் ஒரு பக்கம், தாத்தாவுக்கு மட்டும் எதிர்ப்பக்கம் விழும். முகத்தைத் திருப்பிவிட்டால் நிழல் ஒரு நொடியில் சரியாகிவிடும். அவசர வேலையில் நிறையப் பேர் செய்வது இதுதான்.

ஆனால் எந்த முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒரு புருவம் கொஞ்சம் மேலே, வாய் ஒரு பக்கம் லேசாக இறக்கம், ஒரு காது கொஞ்சம் அகலம் என்று ஏதாவது இருக்கும். ஒருவர் தன் முகத்தைத் தினமும் கண்ணாடியில் திரும்பிய நிலையில்தான் பார்க்கிறார். அதனால் தன் படம் திருப்பப்பட்டிருந்தால் அவருக்கே சட்டென்று தெரியாது. எதிரில் உட்கார்ந்து ஐம்பது வருடம் சோறு போட்டவருக்குத் தெரியும். மச்சம் இல்லாத ஆளாக இருந்தாலும் "என்னவோ மாதிரி இருக்கு" என்று தோன்றும், எதனால் என்று சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். கடையில் படத்தைக் காட்டும்போது மச்சம், வகிடு, சட்டைப் பை இந்த மூன்றையும் பாருங்கள். ஆண்கள் சட்டையில் பை போட்டிருப்பவரின் இடது மார்பில் இருக்கும். இடப்பக்கத் துணி மேலே வந்து பட்டன் போட்டிருக்கும். இவை மாறியிருந்தால் படம் திருப்பப்பட்டிருக்கிறது. வாட்ச் கட்டிய கையையும் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிச்சம் எதிர்ப்பக்கமாக இருந்தால் சரியான வழி வேறு படம் தேடுவதுதான். பாதி முகத்தில் அழுத்தமான நிழல் விழுந்த படத்தை எந்த மென்பொருளாலும் நியாயமாக மாற்ற முடியாது. லேசான வித்தியாசம் என்றால் மேலே ஒரு புது லேயர், அதாவது தனி அடுக்கு, போட்டு, அதை Soft Light ஆக்கி, 50% gray நிரப்பி, வெள்ளையும் கறுப்புமாக மெல்லிய பிரஷ்ஷில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவி நிழலை நகர்த்தலாம். பிரஷ்ஷின் Opacity 5 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கூடினால் முகத்தில் கரி பூசியது போல் ஆகிவிடும்.

இரண்டாவது, உடம்பு. கடைக்காரர்களிடம் பட்டு வேட்டி, அங்கவஸ்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் ஆண் உடம்புகள், கோட்டு சூட்டு போட்ட உடம்புகள் எல்லாம் தலை இல்லாமல் தயாராக இருக்கும். முகத்தை வெட்டி மேலே வைத்தால் வேலை முடிந்தது. தாத்தாவுக்கு வைத்தது அப்படி ஓர் உடம்பு. சிவப்பு மெத்தை வைத்த மண்டப நாற்காலியும் கூடவே வந்துவிட்டது. எங்கள் வீட்டு வாசலில் அந்த நாற்காலி எப்படி வந்தது என்று யாருமே கேட்கவில்லை, ஆயாவைத் தவிர. கழுத்து தாத்தாவுடையதை விடத் தடிமன். தோள் அகலம். கை வழவழவென்று ஓர் இளைஞனுடைய கை. தாத்தா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். லிவர் இழுத்து இழுத்து உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும். இடது சுண்டுவிரல் ஒரு முறை நசுங்கி, கோணலாகவே சேர்ந்துவிட்டது. ஆயா விரலை வைத்து நின்றது அந்த இடத்தில்தான். முகத்தை ஒட்டினால் ஆள் வந்துவிடுவார் என்று நினைக்கிறோம். கூடவே வாழ்ந்தவர்கள் ஆளைக் கையிலும், உட்காரும் விதத்திலும், தோள் சரிவிலும்கூடத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, ஆயா வாய்விட்டுக் கேட்காதது. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. ஆயா நெற்றியில் கடைக்காரர் குங்குமப் பொட்டு வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, நெற்றி வெறுமையாக இருந்தால் பொருந்தாது என்று அவராகவே வைத்திருக்க வேண்டும். அன்று காலை கோயிலில் பூசிய விபூதியை அழித்துவிட்டு, அதே இடத்தில் வட்டமாக ஒரு சிவப்பு. கழுத்திலும் ஒரு தாலிக்கயிறு தெரிகிற மாதிரி மஞ்சள் கோடு. தாத்தா போன பிறகு ஆயா பொட்டு வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொள்ளச் சொல்லி அம்மா கேட்டும் வேண்டாம் என்றவர். அது அவருடைய முடிவு, அதைக் கேட்காமல் ஒருவர் மாற்றி, கண்ணாடி போட்டு, ஊர் பார்க்கிற சுவரில் மாட்டியாகிவிட்டது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

அதனால் கடைக்குக் கொடுக்கும்போது, "சேர்க்க வேண்டியவரைத் தவிர வேறு யார் முகத்திலும், நெற்றியிலும், கழுத்திலும் கை வைக்காதீர்கள்" என்று எழுதியே கொடுங்கள். வாயால் சொன்னது டிசைனர் மேசைக்குப் போய்ச் சேராது. பில்லிலேயே எழுதச் சொல்லலாம். அதற்கும் முன்னால், உயிரோடு இருக்கும் மனைவியையோ கணவனையோ கேளுங்கள். ஆச்சரியம் கொடுப்பதற்கான விஷயம் இல்லை இது. கேட்டிருந்தால் ஆயா என்ன சொல்லியிருப்பார் என்பது அடுத்த நாளே தெரிந்துவிட்டது.

"இருந்தா நல்லாதான் இருந்திருக்கும்" என்றார். "ஆனா அன்னிக்கி அவரு இல்லயே. கூடத்துல மாட்டாத. வரவங்கோ கேப்பாங்கோ, நான் இன்னான்னு சொல்றது? எனக்கு ஒண்ணு செஞ்சி குடு. சின்னதா. அவரு சட்டையோட, அவரு கையோட. என் நெத்தி எப்டி இருந்துதோ அப்டியே உட்ரு." சித்தப்பா அதைக் கேட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஆசையாகச் செய்தது இப்படி ஆகிவிட்டதே என்று அவருக்கு. அவரைத் திட்ட யாருக்கும் மனசு வரவில்லை.

சரிசெய்ய முதலில் வேண்டியது கைபடாத மூலப் படம். கடையில் கேட்டால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்த ஜேபெக் கோப்பு ஒன்றுதான் கொடுத்தார்கள். லேயர் பிரிந்திருக்கும் பி.எஸ்.டி. கோப்பை அழித்துவிட்டார்களாம். லேயர் இருந்திருந்தால் தாத்தாவை மட்டும் எடுத்துவிட்டு ஆயாவை அப்படியே மீட்டிருக்கலாம். இல்லாவிட்டால் குங்குமத்துக்கு அடியில் இருந்த விபூதி திரும்பவே வராது. பணம் கொடுக்கும்போதே பி.எஸ்.டி. கோப்பையும் பென்டிரைவில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நல்லவேளையாக, படமெடுத்தவர் கொடுத்த பென்டிரைவை அம்மா பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். 6000க்கு 4000 பிக்சல் மூலக் கோப்பு அதில் இருந்தது. வாட்ஸ்அப்பில் வந்த பிரதியை வைத்து இந்த வேலையை ஆரம்பிக்கவே கூடாது. அதில் அளவு பெரும்பாலும் சுருங்கியிருக்கும்.

அடுத்து தாத்தா முகம். எவ்வளவு பெரிய முகம் வேண்டும் என்பதை முதலிலேயே கணக்குப் போட்டுவிட வேண்டும். மூலப் படத்தில் ஆயா முகம் தாடையிலிருந்து உச்சி வரை ஏறக்குறைய 400 பிக்சல். பக்கத்தில் உட்காரும் தாத்தா முகமும் அந்த அளவாவது இருக்க வேண்டும். கடைக்குப் போன ஃபோன் படத்தில் அளந்தேன், 130 பிக்சல்தான். அதை மூன்று மடங்கு இழுத்திருக்கிறார்கள். அதனால்தான் சுவரில் எல்லோர் முகத்திலும் தோல் ரேகை தெரிய, தாத்தா முகம் மட்டும் மெழுகு பொம்மை போல இருந்தது.

வீட்டில் தேடியதில் இரண்டு நல்ல படங்கள் கிடைத்தன. ஒன்று, ஓய்வு பெறும்போது பென்ஷனுக்காக எடுத்த ஜோடிப் படம். மத்திய அரசு, ரயில்வே பென்ஷன் காகிதங்களோடு கணவன் மனைவி சேர்ந்து எடுத்த படம் கொடுக்க வேண்டும் என்பதால், அரசு வேலை பார்த்தவர்கள் வீட்டில் இப்படி ஒரு படம் அனேகமாக இருக்கும். கூடுதல் பிரதி ஒன்று பென்ஷன் புத்தகக் கவரிலேயே கிடைக்கும், தேடிப் பாருங்கள். படம் நல்ல தெளிவு. ஆனால் அதில் தாத்தாவுக்கு 60 வயது. இன்றைய ஆயா பக்கத்தில் வைத்தால் தம்பி போல இருப்பார். இறந்தவரை எந்த வயதில் வைப்பது என்பதும் வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டியதுதான். பக்கத்தில் இருப்பவரின் இன்றைய வயதோடு பொருந்தும் கடைசிக்காலப் படம்தான் கண்ணுக்கு உறுத்தாது. ஆனால் நோயில் மெலிந்த நாட்களின் படத்தைத் தவிர்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, 2018இல் சொந்தக்காரக் குழந்தை ஒன்றுக்குக் காதுகுத்து நடந்தபோது எடுத்தது. தாத்தா மடியில் குழந்தை. 6க்கு 8 இஞ்ச் பிரிண்ட். வெளிச்சம் நமக்கு இடப்பக்கமிருந்து, வாசல் படத்தைப் போலவே. முகம் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியிருந்தாலும் மச்சம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், இடது கை முழங்கால் மேல் விரிந்திருந்தது. கோணல் சுண்டுவிரல் தெளிவாகத் தெரிந்தது. எச்.எம்.டி. வாட்ச்சும் இருந்தது. இனி வேறு படம் தேட வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பிரிண்டை ஃபோனில் படம் பிடிக்காதீர்கள். ஓரங்கள் வளையும், விளக்கு வெளிச்சம் பட்டுப் பளபளக்கும். ஸ்கேனரில் வையுங்கள். 600 டிபிஐ, கலர், தானாகத் திருத்தும் வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, டிஃப் கோப்பாகச் சேமிக்க வேண்டும். அந்த பிரிண்டில் தாத்தா தலை ஓர் இஞ்ச்சுக்குக் கொஞ்சம் அதிகம். 600இல் ஸ்கேன் செய்தால் 600 பிக்சலுக்கு மேல் கிடைக்கும். தேவை 400தான். பெரிதாக இழுப்பதை விடச் சிறிதாகச் சுருக்குவது எப்போதும் நல்லது. பாஸ்போர்ட் அளவுப் படம் மட்டுமே இருக்கிறதென்றாலும் கவலைப்பட வேண்டாம். அதில் தலை மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். 600இல் ஸ்கேன் செய்தால் 700 பிக்சல் வரும். அடையாள அட்டையில் அச்சான படம் மட்டும் உதவாது. அது புள்ளி புள்ளியாகத்தான் வரும்.

முகமும் ஒரு கையும் கிடைத்துவிட்டன. மீதி உடம்புக்குக் கடை உடம்பு வேண்டாம். தாத்தாவின் உயரமும் தோளும் கிட்டத்தட்ட அப்படியே சித்தப்பாவுக்கு. அவரையே உட்காரவைக்கலாம் என்று சொன்னதும் ஆயா எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பாச்சை உருண்டை வாசனையோடு ஒரு வெள்ளை அரைக்கைச் சட்டை, நாலு முழ வேட்டி. சட்டைக் காலரில் தையல் பிரிந்த இடத்தில் ஆயா கைத்தையல் போட்டது அப்படியே இருந்தது. அதைத்தான் சித்தப்பா போட்டுக்கொண்டார்.

மூலக் கோப்பின் விவரத்தில் எடுத்த நேரம், லென்ஸ் அளவு எல்லாம் பதிவாகியிருக்கும். விண்டோஸில் கோப்பின் மேல் வலது கிளிக், Properties, அதில் Details பார்த்தால் போதும். காலை 9.40, 35 மிமீ. அதே வாசலில், அதே நேரத்தில், அதே 35 மிமீயில், ஆயா உட்கார்ந்திருந்ததற்கு ஜோடியான இன்னொரு மர நாற்காலியைப் போட்டேன். நாள் தள்ளிப் போகப் போகச் சூரியன் சாய்வு மாறும் என்பதால் புரட்டாசி தாண்டுவதற்குள் முடித்துவிட வேண்டியிருந்தது. கேமரா உயரம்தான் முக்கியம். உயரம் பிசகினால் நாற்காலி தரையில் ஒட்டாமல் மிதப்பது போலிருக்கும். பின்னால் இருக்கும் கதவுத் தாழ்ப்பாளைக் குறியாக வைத்துக்கொண்டேன். மூலப் படத்தில் தாழ்ப்பாள் அப்பாவின் தோளுக்கு நேராக வருகிறது. அப்பாவை அதே இடத்தில் நிற்கவைத்து, தாழ்ப்பாள் அதே தோளுக்கு நேராக வரும்வரை கேமராவை ஏற்றி இறக்கினேன். வாசலில் கால் நிழல், நாற்காலிக் கால் நிழல் எல்லாம் நிஜமாகவே விழுந்துவிட்டதால் அவற்றை வரையும் வேலை மிச்சம். இப்படிச் சேர்க்கும் படங்களில் ஆள் ஒட்டியது போல் தெரிய முதல் காரணம் காலடியில் நிழல் இல்லாததுதான்.

இனி வேலை கம்ப்யூட்டரில். சித்தப்பா உடம்பை மூலப் படத்தில் வைத்து, கழுத்தில் தாத்தா முகம். கழுத்தை நடுவில் வெட்டி இணைக்காதீர்கள். தாடைக்குக் கீழே காலர் மடிப்பு வரை தாத்தா கழுத்தே இருக்கட்டும். இணைப்பு காலருக்குள் மறைந்துவிடும். கையும் அப்படித்தான். அரைக்கைச் சட்டையானதால் இணைப்பை முழங்கைக்கு மேல் சட்டை விளிம்பில் வைத்தேன். வலது கை காதுகுத்துப் படத்தில் குழந்தையைப் பிடித்திருந்ததால் உதவவில்லை. அதை ஆயா நாற்காலியின் பின்னால் போவது போல விட்டுவிட்டேன். இல்லாததை வரைவதை விட மறைப்பது மேல். குழந்தை மறைத்த இடங்களுக்கு எதையும் கற்பனையாக நிரப்ப வேண்டிய அவசியமும் வரவில்லை.

நிறம் பொருந்தியதா என்று கண்ணால் முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். பிரிண்ட் கொஞ்சம் மஞ்சள் ஏறியிருந்தது. வாசல் வெளிச்சம் நீலம் கலந்தது. மேலே தற்காலிகமாக ஒரு Black & White லேயர் போட்டுப் பாருங்கள். தாத்தா நெற்றி, பக்கத்தில் அப்பா நெற்றி இரண்டின் வெளிச்சமும் ஒன்றாக இருக்கிறதா என்று அதில் தெரியும். இல்லையென்றால் Curves வைத்து முகத்தை மட்டும் ஏற்றி இறக்குங்கள். அது சரியானதும் அந்த லேயரை அணைத்துவிட்டு, Hue/Saturation லேயர் போட்டு நிறச் செறிவை 80 வரை ஏற்றுங்கள். முகம் மற்றவர்களை விட மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருந்தால் அப்போது பளிச்சென்று கத்தும். சரிசெய்துவிட்டு இரண்டு லேயரையும் நீக்கிவிட வேண்டும். தோல் நிறத்துக்கு அப்பாவை ஒப்பிடக் காரணம், இருவருக்கும் ஒரே மாநிறம். ஒப்பிட வீட்டில் அதே நிறத்தவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தெளிவு. ஸ்கேன் செய்த முகம் கேமராவில் எடுத்ததை விட லேசாக மங்கலாகத்தான் இருக்கும். அதைக் கூர்மையாக்கப் போனால் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். முகத்தின் மேல் மட்டும் Add Noise 2 சதவீதம் போட்டால், மூலப் படத்தில் இருக்கும் மணல்மணலான தன்மை இதற்கும் வந்து, மங்கல் கண்ணுக்குப் படாது. 200 சதவீதம் பெரிதாக்கி ஆயா கன்னத்தையும் தாத்தா கன்னத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து நிறுத்தினேன். அந்த அளவில் தாத்தா இமை முடியைப் பார்த்துக்கொண்டு ராத்திரி தனியாக உட்கார்ந்திருப்பது சுலபமாக இல்லை. அழுதுவிட்டுத்தான் வேலை பார்த்தேன். சொந்த வீட்டுப் படத்தை நீங்களே செய்யும் நிலை வந்தால், காதும் கழுத்தும் கையும் முதலில் முடித்துவிட்டு, கண்களைக் கடைசியில் எடுங்கள்.

பிரிண்ட் போடும் முன் ஆயாவுக்குக் காட்டினேன். ஃபோன் திரையில் காட்டவில்லை. 6க்கு 9 அளவில் சாதாரணமாக ஒரு பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். சின்னத் திரையில் எல்லாப் படமும் நன்றாகத்தான் தெரியும். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பி "ஓகேவா" என்று கேட்டால் சரி சொல்லிவிடாதீர்கள். 50 ரூபாய் கூடக் கேட்டாலும் கையில் பிடித்துப் பார்க்கும் பிரிண்ட் கேளுங்கள். ஆயா ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தார். விரல் மறுபடியும் கன்னம், தோள், கை என்று போனது. "சட்ட பட்டன் மேல ஒண்ணு போட்டிருப்பாரு. கழுத்து தெரியவே தெரியாது" என்றார். சித்தப்பா மேல் பட்டனைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அதைப் போட்டு மறுபடி ஒரு படம் எடுத்துக் காலரை மட்டும் மாற்றினேன். வேறு எதையும் ஆயா சொல்லவில்லை.

இறுதியில் இரண்டு பிரிண்ட். கூடத்துக்கு, தாத்தா இல்லாத மூலப் படம், 20க்கு 30. ஆயா அறைக்கு, தாத்தா இருப்பது, 12க்கு 18. இரண்டும் மேட் தாளில், ஃப்ரேமோடு 4,600 ரூபாய். பழைய பிரிண்டை ஃபோம் போர்டில் பசை போட்டு ஒட்டியிருந்ததால் அதில் எதுவும் மிஞ்சவில்லை, ஃப்ரேம் கட்டையைத் தவிர. ஃப்ரேம் போடும்போது கண்ணாடி நேராகப் படத்தின் மேல் அழுந்தக் கூடாது. நடுவில் ஒரு மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் தாள்தான் கிழியும்.

சேர்த்த படத்தின் பின்புறம் ஒரு காகிதம் எழுதி ஒட்டியிருக்கிறேன். எல்லோரும் இதைச் செய்ய வேண்டும். இருபது வருடம் கழித்துப் பார்க்கிற பிள்ளைகள், தாத்தா 2024இல் உயிரோடு இருந்தார் என்று நினைத்துவிடுவார்கள். இப்படிச் சேர்த்த படத்தை வாரிசுச் சான்று, பென்ஷன் என்று எந்த அலுவலகக் காகிதத்தோடும் வைத்துவிடவும் கூடாது. தேதி மாறிய ஒரு படம் வீண் விசாரணையில் கொண்டு போய் விடும். காகிதத்தில் எழுதியது இது: படம் எடுத்தது 2024 ஆவணி, காட்பாடி. தாத்தா காலமானது 2021. முகமும் இடது கையும் 2018 காதுகுத்துப் படத்திலிருந்து. உட்கார்ந்திருப்பது சித்தப்பா. ஆயா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒரு வரி விட்டுப்போச்சு என்றார். "சட்ட அவருதுன்னு எழுது. காலரு நான் தச்சதுன்னும் எழுது." எழுதி ஒட்டினேன். பி.எஸ்.டி. கோப்பும் ஸ்கேனும் மூலப் படமும் மூன்று இடத்தில் இருக்கின்றன, என்னிடம், அப்பாவிடம், சித்தப்பாவிடம்.